இரவில் வெளுத்துப் போகும் வாசல் கேமரா

கேள்வி: வாசல் சன்ஷேடுக்குக் கீழே புல்லட் கேமரா ஒன்று மாட்டியிருக்கிறோம். பகலில் படம் நன்றாக இருக்கிறது. இருட்டியதும் படம் முழுக்கப் புகை மூட்டம் போல வெளுத்துவிடுகிறது, நடுநடுவே வெள்ளைக் கோடுகள் பறக்கின்றன, இருபது அடி தள்ளியுள்ள கேட் தெரிவதே இல்லை. நூலாம்படையைத் துடைத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் சரியாக இருக்கிறது, பிறகு பழைய கதைதான். கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். துடைத்தால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், கேமராவின் உள்ளே பழுது இல்லை என்பது பெரும்பாலும் உறுதி. லென்ஸும் அகச்சிவப்பு விளக்குகளும் ஒரே முகத்தில் ஒரு விரற்கடை இடைவெளியில் அமைந்திருப்பதுதான் சிக்கலின் வேர். அதே வகைக் கேமரா ஒன்றைப் புதிதாக வாங்கி அதே இடத்தில் மாட்டினால், முதல் வாரத்திலேயே அதுவும் இப்படித்தான் வெளுக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் நானே அப்படிப் புதுக் கேமராவை மாட்டிக் கொடுத்து, நான்காம் நாள் திரும்ப அழைக்கப்பட்டு, ஏணியில் ஏறிப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

காரணம் தூரக் கணக்கில் இருக்கிறது. ஒரு விளக்கிலிருந்து இரு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் நாலில் ஒன்றாகவும், பத்து மடங்கு தள்ளிப் போனால் நூறில் ஒன்றாகவும் குறையும். உங்கள் கேட் ஏறத்தாழ 6 மீட்டர் தொலைவில் இருக்கிறது. சிலந்தி நூல் கேமரா முகத்திலிருந்து 6 சென்டிமீட்டரில் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். தூரம் நூறு மடங்கு வேறுபடுவதால், கேட்டில் விழுவதைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு வெளிச்சம் அந்த நூலின் மேல் விழுகிறது. நூல் மெல்லியது, தன்மேல் படும் ஒளியில் மிகச் சிறு பங்கைத்தான் லென்ஸுக்குத் திருப்பும் என்பது உண்மைதான். ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு திரும்பினாலே அது கேட்டைவிடப் பத்து மடங்கு பிரகாசமாகிவிடும். லென்ஸின் குவியம் கேட்டுக்கு அமைக்கப்பட்டிருப்பதால், இவ்வளவு அருகிலுள்ள நூல் நூலாகத் தெரியாமல் பரந்து கரைந்து, நீங்கள் சொல்லும் புகை மூட்டமாகிறது.

இதற்குமேல் கேமரா தானாகவும் ஒரு கெடுதலைச் செய்துகொள்கிறது. படத்தில் வெள்ளை அதிகமானதும், வெளிச்சம் மிகுந்துவிட்டதாக எண்ணி உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். ‘Smart IR’ என்ற வசதி இருந்தால் விளக்குகளையும் மங்கச் செய்யும். அந்த வசதி அருகில் வரும் மனித முகம் வெளுத்துவிடாமல் இருக்க வைக்கப்பட்டது. நூலாம்படைக்கும் முகத்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. கேட் இருளில் மூழ்குவது இதனால்தான்.

பறக்கும் வெள்ளைக் கோடுகள் பூச்சிகள். இரவில் ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் கேமரா வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு வரை ஒளியைச் சேகரிக்கும்; அந்த நேரத்துக்குள் லென்ஸுக்கு அருகில் கடக்கும் பூச்சி படத்தின் பாதி அகலத்தைக் கடந்துவிடும். பதிவை நிறுத்தி ஒரு கோட்டை உற்றுப் பாருங்கள்: ஓரங்கள் சீராக இல்லாமல் மணி கோத்த மாலைபோல் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தால், ஒவ்வொரு மேடும் இறக்கையின் ஓர் அடிப்பு. இந்தக் கோடுகளைப் பேய் என்று நம்பிப் பதிவை எனக்கு அனுப்பியவர்களும் உண்டு.

சரிசெய்யத் தொடங்குமுன், வேறு இரண்டு காரணங்கள் இல்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. இரவில் கைப்பேசியில் நேரலைப் படத்தைத் திறந்து வைத்து, ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒருவரை நிறுத்திவிட்டு, கேமரா முகத்துக்கு முன்னால் ஒட்டடைக் குச்சியால் ஒருமுறை வீசுங்கள். மூட்டம் உடனே கலைந்தால் அது நூலாம்படை. கலையவில்லை, ஆனால் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்ததும் குறைகிறது என்றால் தூசியோ எண்ணெய்ப் படலமோ. இரண்டுக்கும் மசியாமல், காற்றடித்தாலும் அசையாமல் ஒரே வடிவில் பால் போல நிற்கிறது என்றால், கண்ணாடிக்குப் பின்னால் லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பர் அல்லது பஞ்சு வளையம் நகர்ந்திருக்கும். விளக்கொளி உள்ளேயே கசிந்து லென்ஸில் விழாமல் தடுப்பது அந்த வளையம்தான். அதைச் சரியாக அமர்த்தும் வேலையைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் விவரப்படி முதலாவதுதான் நடக்கிறது.

அகச்சிவப்பு ஒளிதான் பூச்சிகளை இழுக்கிறது, எனவே ஒளிர்வே தெரியாத 940 நானோமீட்டர் கேமராவுக்கு மாறுங்கள் என்று கடையில் சொல்லக்கூடும். நான் ஏற்பதில்லை. பெரும்பாலான பூச்சிகளின் கண் புறஊதா, நீலம், பச்சை ஆகியவற்றுக்கே கூர்மையானது. வழக்கமான 850 நானோமீட்டர் ஒளியே அவற்றுக்குத் தெரியாது. 940-க்கு மாறினாலும் நூலில் ஒளி பட்டுத் திரும்பத்தான் செய்யும். அந்த ஒளிக்குக் கேமராவின் உணரி மந்தமானது என்பதால் கேட் இன்னும் மங்கும், அவ்வளவே. பூச்சியை வரவழைப்பது பக்கத்திலுள்ள சாதாரண விளக்கு. சன்ஷேடுக்கு அடியில் கேமராவை ஒட்டி வெள்ளை எல்.இ.டி. பல்பு எரிந்தால், மழைவிட்ட இரவில் ஈசலும் விட்டிலும் அங்குதான் மொய்க்கும். பூச்சி வரும் இடத்தில் சிலந்தி கடை விரிக்கிறது. மழை படாத மூலையும், கேமராவின் இளஞ்சூடும், நூல் கட்ட வசதியான தாங்கியும் அதற்குக் கூடுதல் வசதிகள். அந்தப் பல்பை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி மாட்டுங்கள், அல்லது மஞ்சள் ஒளி தரும் பல்பாக மாற்றுங்கள். பூச்சி முற்றிலும் நிற்காது, ஆனால் கண்கூடாகக் குறையும்.

துடைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் தொங்கும் நூலை மட்டும் எடுத்தால், சுவரிலும் தாங்கியிலும் உள்ள கட்டுகளைப் பிடித்துக்கொண்டு சிலந்தி ஓரிரு இரவில் மறுபடி பின்னிவிடும். தாங்கியின் பின்புறம், கேபிள் சுவருக்குள் போகும் துளை, மழைத்தடுப்பு மூடியின் உட்பக்கம் ஆகியவற்றை மென்மையான பிரஷ்ஷால் சுரண்டி, பஞ்சு உருண்டைபோல ஒட்டியிருக்கும் முட்டைப் பையையும் எடுத்துவிட வேண்டும். பூச்சிக்கொல்லியைக் கேமராவின் மேல் நேராக அடிக்காதீர்கள்: அதிலுள்ள எண்ணெய் கண்ணாடியில் படலமாகப் படிந்து, நூலாம்படை இல்லாமலேயே படத்தை வெளுக்க வைக்கும், பிளாஸ்டிக் முகப்பாக இருந்தால் மெல்லிய விரிசல் வலையும் விழலாம். துணியில் அடித்து, அத்துணியால் தாங்கியையும் சுற்றுச் சுவரையும் மட்டும் துடைப்பது பாதுகாப்பானது. அதன் பலன் எத்தனை நாள் நிற்கும் என்பதை மழையும் தூசியும்தான் முடிவு செய்யும்.

இவ்வளவும் செய்தால் துடைக்க வேண்டிய இடைவெளி நீளும். நிலையாகத் தீர வேண்டுமென்றால், ஒளியையும் லென்ஸையும் பிரித்துவிடுவதே வழி. உங்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதைத்தான். தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றை வாங்கி, கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, அதே சுவரில், கேட்டை நோக்கி மாட்டி, கேமராவின் சொந்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். லென்ஸுக்கு முன்னால் வலை இருந்தாலும் இனி அதன்மேல் ஒளி விழாது. விளக்கின் முன்னால் சிலந்தி குடியேறினாலும் அது லென்ஸின் பார்வைக்கு வெளியே இருக்கும். கேட் தூணில் விளக்கை மாட்டி வீட்டை நோக்கித் திருப்பும் தவறை மட்டும் செய்யாதீர்கள். அப்போது அதன் ஒளி நேராக லென்ஸுக்குள் பாயும்.

விளக்கின் ஒளிக்கோணம் லென்ஸின் பார்வைக் கோணத்துக்கு நெருங்கி இருக்க வேண்டும். வீட்டுக் கேமராக்களில் பரவலாக வரும் 4 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைமட்டத்தில் ஏறக்குறைய 80 டிகிரி பார்க்கும். அதற்கு 30 டிகிரி விளக்கை மாட்டினால் நடுவில் ஒரு வெள்ளை வட்டமும் சுற்றிலும் இருட்டுமே கிடைக்கும். 60 முதல் 90 டிகிரி வரையிலானதைக் கேட்டு வாங்குங்கள். கேமராவின் அடாப்டரிலிருந்தே கிளை இழுத்து விளக்குக்கு மின்சாரம் கொடுப்பதும் வழக்கமான பிழை. 12 வோல்ட் விளக்கு ஒன்று அரை ஆம்பியரிலிருந்து ஓர் ஆம்பியர் வரை எடுக்கக்கூடும். சிறிய அடாப்டர் அதைத் தாங்காமல், பொழுது சாய்ந்து விளக்கு எரியும் அந்தக் கணத்தில் கேமரா அணைந்து மீண்டும் எழும். விளக்குக்குத் தனி அடாப்டர் வைத்துவிடுங்கள்.

சொந்த விளக்கை அணைக்கப் பெரும்பாலான கேமராக்களில் ‘IR Light’ என்ற தெரிவு இருக்கும். சிலவற்றில் அதை அணைத்தால் இரவு முறையும் சேர்ந்தே நின்றுவிடும். அப்போது கேமரா வண்ணப் படத்திலேயே தங்கி, அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை விலக்காமல் இருப்பதால், தனி விளக்கு எரிந்தும் படம் கறுப்பாகவே இருக்கும். ‘Day/Night’ பகுதியில் இரவு நேரத்துக்கு ‘B/W’ என்று அட்டவணை போட்டால் சரியாகும். வடிகட்டி நகரும்போது கேமராவுக்குள் ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்கும். அது கேட்டால் மாற்றம் நடந்துவிட்டது என்று அறியலாம். அப்படி அட்டவணை போடும் வசதியும் இல்லையென்றால், மெனுவைத் தொடாமல், முகத்திலுள்ள விளக்குகளின் மேல் மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வெட்டி ஒட்டிவிடலாம். ஒட்டிய பிறகு கைப்பேசியின் முன்பக்கக் கேமராவால் பாருங்கள்: ஊதா நிறத்தில் எங்காவது கசிந்தால் அந்த இடத்தில் இன்னொரு அடுக்கு ஒட்டுங்கள். வெப்பத்தில் டேப் நாளடைவில் உரியும் என்பதால், துடைக்க ஏறும்போதெல்லாம் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.