எந்த பிலாஸ்பூர்? – கேள்வி பதில்

டெல்லி நூலகம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் அட்டவணைப் பிரிவில் இருந்தவள் நான். பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு ஊர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில்.

ஆய்வு மாணவி, ஆர்.கே.புரம்: மேடம், என் நூற்பட்டியலில் சத்தீஸ்கர் பிலாஸ்பூரும் ஹிமாச்சல் பிலாஸ்பூரும் வருகின்றன. பழைய அறிக்கைகளில் மாநிலமே இல்லை. எப்படிப் பிரிப்பது?

முதலில் முகவரியைத் தேடுங்கள். பின்கோடு இருந்தால் வேலை முடிந்தது: 4-ல் ஆரம்பித்தால் சத்தீஸ்கர், 1-ல் ஆரம்பித்தால் ஹிமாச்சல். ஆனால் பின்கோடு 1972-ல்தான் வந்தது. அதற்கு முந்தையது என்றால் உள்ளே படித்தே ஆகவேண்டும்.

நான் சறுக்கியது அங்கேதான். அட்டையில் 'பிலாஸ்பூர், 1953' என்று மட்டும் போட்ட ஒல்லியான அறிக்கை ஒன்று. பழக்க தோஷத்தில் மத்தியப் பிரதேசம் என்று எழுதி, பட்டியல் அட்டையை இழுப்பறையில் சொருகிவிட்டேன். பல மாதம் கழித்துப் புரட்டினால், பத்தாம் பக்கத்தில் சட்லெஜ் ஆறு, தண்ணீரில் மூழ்கப்போகும் கிராமங்கள்! பக்ரா அணை கட்டியபோது கோவிந்த் சாகரில் முழுகிய பழைய ஊர் அது. இன்றைய பிலாஸ்பூர் அதற்கு மேலே புதிதாகக் கட்டியது.

இதில் இன்னொரு முடிச்சு: 1953-ல் அது ஹிமாச்சலிலேயே இல்லை. தனி மாநிலமாக இருந்து 1954 ஜூலை 1-ல்தான் சேர்ந்தது. மற்ற பிலாஸ்பூர் 2000 நவம்பர் 1 வரை மத்தியப் பிரதேசம். அதனால் புத்தகத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைப் பதிப்பு விவரத்தில் அப்படியே எழுதுங்கள். பதிவின் ஊர்த் தலைப்பில் இன்றைய மாநிலத்தை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பழைய பெயரில் தேடி வருபவருக்கு 'காண்க' என்று ஒரு வரி.

ஊகித்து எழுதாதீர்கள். ஊகம்தான் என்றால் சதுர அடைப்புக்குறி, கேள்விக்குறி: [ஹிமாச்சலப் பிரதேசம்?]. பின்னால் வருபவர் சரிபார்ப்பார்.

நூலகர், கரோல்பாக்: நாட்டின் பெயர் போதுமே? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய ஊர்களுக்கு அப்படித்தானே செய்கிறது.

பாதி சரி. அமெரிக்க ஊருக்கு மாநிலம், நம் ஊருக்கு நாடு என்பதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் ஒரே நாட்டுக்குள் இரண்டு வந்தால் மாநிலமும் சேரும். ஜெர்மனியில் பவேரியாவில் ஒரு ஃப்ரீட்பெர்க், ஹெஸ்ஸேயில் ஒன்று. இரண்டுக்கும் மாநிலம், நாடு இரண்டும் போடுகிறார்கள்.

நொய்டாவாசி: எங்கள் பக்கத்திலேயே ஒரு பிலாஸ்பூர் இருக்கிறதே?

ஆமாம், கௌதம புத்த நகர் மாவட்டத்தில். அதே உ.பி.யில் ராம்பூர் மாவட்டத்தில் இன்னொன்று. இங்கே மாநிலம் போட்டும் பயனில்லை, மாவட்டம் வேண்டும். குருகிராம்காரருக்கோ பிலாஸ்பூர் என்றால் ஜெய்ப்பூர் சாலையில் உள்ள பிலாஸ்பூர் சௌக்!

ஓய்வு பெற்ற அதிகாரி, மயூர் விஹார்: தமிழ்ப் பட்டியலில் சேலம் என்றால் நம்ம சேலம்தான். அதற்கு எதற்கம்மா அடைப்புக்குறி?

பட்டியலில் அமெரிக்க சேலம் இல்லாதவரை வேண்டாம் சார். ஆரிகன் மாநிலத் தலைநகரும் ஒரு சேலம், 1692 சூனிய வழக்கு நடந்த மாசசூசெட்ஸிலும் ஒரு சேலம். அவை வந்த நாளில் மூன்றுக்கும் போட்டுவிடலாம்.

ஆய்வு மாணவி, மறுபடியும்: அப்போது பழைய பதிவுகளை எல்லாம் திருத்துவது யார்? முதலிலிருந்தே எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாமே!

ஓய்வு பெற்ற அதிகாரி: பாகிஸ்தானின் சிந்துவில் இருப்பவர் தன் ஊர் ஹைதராபாத் பெயரோடு சிந்து என்றா சேர்த்து எழுதுவார்? பிரபலமான ஊருக்கு வெறும் பெயர், மற்றதற்கு அடைமொழி. அதுதானே முறை?

எது பிரபலம் என்பது படிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நம் முன்னோர் ஊர்ப் பெயரிலேயே அடையைச் சேர்த்துவிட்டார்கள். யமுனைக் கரை மதுராவை ஆண்டாள் 'வடமதுரை' என்கிறாள். தெற்கே மதுரை இருக்கிறதே. ஆனால் இன்று திண்டுக்கல் பக்கத்திலும் ஒரு வடமதுரை இருக்கிறது, அதற்கும் அடை வேண்டியதாகிவிட்டது. கை தூக்கச் சொன்னால், என் ஓட்டு மாணவிக்கு. அதிகாரி சார் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

ஹமீர்பூர் இரண்டு இருக்கிறதே?

ஹிமாச்சல், உ.பி. முதல் பதிலைப் படியுங்கள்.

அவுரங்காபாத்?

முதல் பதில்தான். மகாராஷ்டிராவில் இருந்தது 2023-ல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆகிவிட்டது, பீகாரில் இருப்பது அப்படியே. பழைய புத்தகங்களுக்கு அடைப்புக்குறி போகாது.

பிரதாப்கட்?

மேலே!

மாமி, பிலாஸ்பூருக்கு நிஜாமுதீனிலிருந்து வண்டி உண்டா? மச்சினிக்குக் கல்யாணம்.

சத்தீஸ்கர் என்றால் BSP என்ற நிலையக் குறியைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். பத்திரிகையில் மாவட்டம் போட்டிருக்கிறதா, பாருங்கள்.