ஒரு நகர்வை வீணாக்கி வெல்வது: சதுரங்கச் சிப்பாய் இறுதியாட்டத்தில் முக்கோணம்

கேள்வி: வெள்ளை ராஜா d5, சிப்பாய்கள் a5, c6, கருப்பு ராஜா c8, சிப்பாய் a6. நகர்வு எனக்கு (வெள்ளை). ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் எப்படி முயன்றாலும் டிராவாகிறது. வெல்ல வழி உண்டா?

பதில்: உண்டு. நேராக முன்னேறும் இரு வழிகளும் பலிக்காததற்குக் காரணம், நீங்கள் Kc5 என்றால் கருப்பு Kc7 என்றும், Kd6 என்றால் Kd8 என்றும் எதிரே வந்து ஆப்போசிஷனைப் பிடித்துக்கொள்வதுதான். Kd6 Kd8 என்றபின் c7+ Kc8, Kc6 என்று போனால் ஸ்டேல்மேட் ஆகிவிடும்.

ஆனால் இதே நிலையில் நகர்வு கருப்பினுடையதாக இருந்தால் அது தோற்றுவிடும். Kd8 அல்லது Kb8 என்றால் நீங்கள் Kd6 ஆடி, Kc8, c7 Kb7, Kd7 என்று ராணியைப் பெறுவீர்கள். Kc7 என்றால் Kc5. கருப்பு ராஜா Kc8 என்று விலகியதும் Kb6 Kb8, Kxa6. (அங்கே அவசரப்பட்டு c7+ கொடுத்துவிடாதீர்கள், Kc8, Kxa6 Kxc7 என்று ஓரச்சிப்பாய் மட்டும் மிஞ்சி டிராவாகும்.) ஆகவே, நிலையை மாற்றாமல் நகர்வை மட்டும் எதிரியிடம் தள்ள வேண்டும்.

அதற்கு 1.Kc4 ஆடுங்கள். c4, d4 ஆகிய இரு கட்டங்களிலிருந்தும் உங்கள் ராஜா ஒரே நகர்வில் c5-க்கும் d5-க்கும் போக முடியும். c5-க்கு விடை c7, d5-க்கு விடை c8 என்பதால், கருப்பு ராஜா அவ்விரண்டுக்கும் அடுத்துள்ள கட்டத்தில் காத்திருக்க வேண்டும். b7, d7 இரண்டும் c6 சிப்பாயின் தாக்குதலில் இருப்பதால், மிஞ்சுபவை b8, d8 மட்டுமே. 1...Kd8 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 2.Kd4! கருப்பு d8-இலிருந்து b8-க்கு ஒரே தாவலில் போக முடியாது, 2...Kc8 என்று திரும்பினால் 3.Kd5, அதே நிலை, நகர்வு இப்போது கருப்பினுடையது. நீங்கள் d5, c4, d4, d5 என மூன்று நகர்வில் முக்கோணமாகச் சுற்றி வந்தீர்கள். கருப்பு இரண்டே நகர்வில் திரும்பிவிட்டது. 1...Kb8 என்றாலும் இதே 2.Kd4. 1...Kc7 என்றால் சுற்றவே தேவையில்லை, உடனே 2.Kc5.

இது பலிக்க, கருப்பிடம் உபரி சிப்பாய் நகர்வு எதுவும் இருக்கக்கூடாது. இங்கே a6 சிப்பாய் a5-இல் முட்டி நிற்பதால் அந்தக் கவலை இல்லை. பலகையின் மறுபக்கத்தில் கருப்புக்கு ஒரு தனிச் சிப்பாய் இருந்து, அதைத் தடையின்றி ஒரு கட்டம் தள்ள முடிந்தால், நீங்கள் சுற்றி முடித்ததும் அது நகர்வை மறுபடி உங்களிடமே திருப்பிவிடும். மாறாக, உங்கள் சிப்பாய் இன்னும் a4-இல் இருந்து, கருப்பு ராஜா c8-இலும் நகர்வு உங்களுடையதாகவும் இருந்தால், முக்கோணமே வேண்டாம். a5 என்ற ஒரே நகர்வில் வேலை முடிந்துவிடும். எனவே அந்தச் சிப்பாயை முன்கூட்டியே தள்ளாமல் கையிருப்பாக வைத்திருப்பது நல்லது.