நோயாளிக் கஞ்சியும் இளநீரும்தான் சிக்கலே

"என் கணவருக்கு 56 வயது. இரைப்பையில் புற்றுநோய் என்று மூன்று மாதம் முன்பு ஆபரேஷன் செய்து முக்கால் பங்கு இரைப்பையை எடுத்துவிட்டார்கள். அப்போது 64 கிலோ, இப்போது 55. தெம்பு வரட்டும் என்று காலையில் ஒரு பெரிய டம்ளர் கஞ்சியில் சர்க்கரை போட்டுத் தருகிறேன். குடித்த கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, வயிறு முறுக்கிக்கொண்டு பேதியாகிறது. சில நாள் பத்து மணி வாக்கில் கை நடுங்கி, தலை சுற்றுகிறது. இடையில் இளநீர், பழச்சாறு கொடுத்தாலும் இதே கதைதான். முட்டை கொடுத்தால் உள்புண் ஆறாது என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள். சர்க்கரை நோய் கிடையாது. நான் என்ன தவறு செய்கிறேன்?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரி,

காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதைத்தான் நீங்களும் கொடுக்கிறீர்கள். எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இரைப்பை குறைந்தவருக்கு நீர்த்த, இனிப்பான உணவைப் போல ஒத்துவராதது வேறில்லை. ஏன் என்று புரிந்துவிட்டால், என்ன சமைப்பது என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

இரைப்பையின் கீழ்வாயில் ஒரு தசை வளையம் உண்டு. உங்கள் ஊர் வாய்க்காலில் மதகு இருப்பது போல, அரைத்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது சிறுகுடலுக்குள் விடும். இந்த வகை ஆபரேஷனில் பெரும்பாலும் அந்த வளையமும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால் ஒரு டம்ளர் சர்க்கரைக் கஞ்சி சில நிமிடங்களில் அப்படியே குடலில் இறங்குகிறது. அடர்த்தியான சர்க்கரையை நீர்க்கச் செய்ய, இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது. குடல் விரிவதால் முறுக்கலும் பேதியும் வருகின்றன. இரத்தத்தில் நீர் குறைவதால் படபடப்பும் வியர்வையும். சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வரும் இதை 'முன் டம்பிங்' என்பார்கள்.

பத்து மணிக்கு வருவது வேறு. குடலில் சர்க்கரை வேகமாக ஏறியதைப் பார்த்து உடம்பு இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரந்துவிடுகிறது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகிறது. நடுக்கம், பசி, தலைசுற்றல், சில சமயம் குழப்பமான பேச்சு. இது 'பின் டம்பிங்'. இரண்டும் உங்கள் வீட்டில் ஒரே டம்ளரிலிருந்துதான் வருகின்றன என்பது என் கணிப்பு.

முதலில் மாற்ற வேண்டியது, உணவையும் தண்ணீரையும் பிரிப்பது. சாப்பிடும்போது தண்ணீர், ரசம், மோர் எதுவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, அரை மணி பின்போ மட்டும் குடிக்கட்டும். ரசம் பிடிக்கும் என்றால் நான்கு மணிக்குத் தனியாக ஒரு சின்ன டம்ளர். குடிப்பதைக் குறைக்கக் கூடாது, நேரத்தைத்தான் மாற்றுகிறோம். நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்து ஒன்றரை லிட்டர் வந்தால் போதும். கஞ்சி, இளநீர், பழச்சாறு, சர்க்கரை போட்ட சத்து பானம் எல்லாம் இப்போதைக்கு நிறுத்தம். பால் குடித்தால் வயிறு கடமுடா என்றால் தயிருக்கு மாறுங்கள்.

அடுத்தது புரதம். புரதம் குடலில் சர்க்கரை போலத் திடீரென்று ஏறாது, கூடச் சாப்பிடும் சோற்றின் வேகத்தையும் மட்டுப்படுத்தும். எடை குறைந்துகொண்டே போகிறவருக்குத் தசையைக் காப்பாற்றவும் அதுதான் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 கிராம் என்று வைத்தால் அவருக்கு 65 கிராமை ஒட்டி வரும். கேட்கப் பெரிதாகத் தெரியும், ஆறு வேளையாகப் பிரித்தால் முடிகிற காரியம்தான். முட்டை தாராளமாகக் கொடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டையில் 6 கிராம் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாளை இப்படி ஓட்டிப் பாருங்கள். காலை ஏழரைக்கு இரண்டு சின்ன இட்லி, கெட்டிப் பருப்பு, ஒரு அவித்த முட்டை. இதில் 13 கிராம் வரை வரும். பத்து மணிக்கு 50 கிராம் பன்னீர், அல்லது குழைய வேகவைத்த சுண்டல் அரைக் கப். அதில் ஏழெட்டு கிராம். பன்னிரண்டரைக்கு அரைக் கப் சோறு, முள் நீக்கிய மீன் ஒரு பெரிய துண்டு, கொஞ்சம் கெட்டிக் கூட்டு. 20 கிராமை ஒட்டி வரும். மூன்றரைக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, 6 கிராம். ஆறு மணிக்கு ஒரு ஆம்லெட், அதே 6. எட்டு மணிக்கு ஒரு அடையும் கெட்டித் தயிரும், எட்டொன்பது கிராம். மொத்தம் அறுபதைத் தாண்டும். ஒரு வேளை தவறினால் அடுத்ததில் இரட்டிப்பாக்க வேண்டாம், அது பழைய டம்ளருக்குத் திரும்புவதாகும்.

தட்டில் எது முதலில் என்பதும் முக்கியம். முட்டையோ மீனோ முதலில், சோறு கடைசியில். மாவாகும்வரை மெல்லட்டும், இருபது நிமிடமாவது எடுத்துக்கொள்ளட்டும். நிறைந்த மாதிரி தோன்றியதும் மிச்சம் வைக்கலாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ஒரு வாய்" என்று சொல்லாதீர்கள்! சாப்பிட்டபின் அரை மணி நேரம் சாய்ந்து படுத்தால் முன் டம்பிங் மட்டுப்படும். ஆனால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பித்தநீர் மேலேறும் தொல்லை சிலருக்கு உண்டு. அதனால் தலைப்பக்கம் இரண்டு தலையணை வைக்கவும்.

பத்து மணி நடுக்கத்துக்கு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வையுங்கள். ஊகத்தில் மிட்டாய் கொடுக்காமல், நடுங்கும் நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைச் சிறிது தண்ணீரில் கலந்து கொடுக்கவும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும் முட்டையோ சுண்டலோ சாப்பிட வேண்டும். இல்லையென்றால் கொடுத்த சர்க்கரையே இன்னொரு இறக்கத்தை இழுத்துவரும். மயங்கிப்போனால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இந்த நடுக்கம் அடங்கும்வரை அவர் பைக் ஓட்டக் கூடாது.

தேதி, நேரம், சாப்பிட்டது, வந்த தொல்லை, மீட்டர் எண் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பெரும்பாலோருக்கு உணவை மாற்றினாலே சில வாரத்தில் குறைந்து, மாதங்கள் போகப் போகத் தொல்லை தணிந்துவிடும். மூன்று நான்கு வாரம் ஒழுங்காக இருந்தும் சர்க்கரை 70க்குக் கீழே வந்துகொண்டிருந்தாலோ, எடை இன்னும் இறங்கினாலோ நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். மாவுச்சத்து மெதுவாக ஏற அகார்போஸ் மாத்திரையும், கடுமையாக இருந்தால் ஆக்ட்ரியோடைட் ஊசியும் அவர் தீர்மானிக்க வேண்டியவை. விழுங்க முடியாமை, விடாத வாந்தி, கறுப்பு மலம், காய்ச்சல், தாங்காத வயிற்றுவலி இருந்தால் அது டம்பிங் கணக்கில் சேராது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

அடுத்த முறை போகும்போது இரும்புச்சத்து, பி12 இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பி12 உடலில் சேரத் தேவையான பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது. இரைப்பை குறைந்தவருக்கு அது போதாமல் போகலாம், அப்போது ஊசி போட வேண்டியிருக்கும்.