ஹார்ட்பீட் போனால் கேபிள்தான் காரணமா?

கேள்வி: சிஏஎன்ஓப்பனில் ஓடும் பேக்கிங் மெஷினில் 5-ஆம் நோடான சீலிங் டிரைவ் அவ்வப்போது "ஹார்ட்பீட் லாஸ்ட்" காட்டி நிற்கிறது. கேபிளை மாற்றியும் சரியாகவில்லை. ஏன்?

டிரைவே ரீஸ்டார்ட் ஆகிறதா என்று முதலில் பாருங்கள். பஸ்ஸில் ஒரு சிஏஎன் அனலைசரை மாட்டி, கோளாறு வரும் நேரத்தைப் பதிவு செய்யுங்கள். நான் பார்த்த ஒரு மெஷினில் இப்படி வந்தது:

```
705  05
085  00 32 05 00 00 00 00 00
705  00
```

ஒவ்வொரு வரியிலும் முதலில் இருப்பது செய்தியின் ஐடி; எண்கள் எல்லாம் ஹெக்ஸில். 700-உடன் நோட் எண்ணைக் கூட்டினால் ஹார்ட்பீட், அதாவது "உயிரோடு இருக்கிறேன்" என்று நோட் அனுப்பும் செய்தி. `05` என்றால் நோட் ஆபரேஷனலில் இருக்கிறது. 80-உடன் கூட்டினால் எமர்ஜென்சி. அதன் முதல் இரண்டு பைட்டைத் திருப்பிப் படிக்க வேண்டும்: `3200`, அதாவது டிரைவுக்குள் வோல்டேஜ் கோளாறு. கடைசி வரியின் `00`தான் முக்கியம். அது பூட்-அப் செய்தி. டிரைவ் அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது.

அங்கே சீலிங் ஹீட்டர் ரிலே இழுக்கும்போதெல்லாம் 24 வோல்ட் சப்ளை சரிந்தது. டிரைவுக்குத் தனி சப்ளை கொடுத்ததும் நின்றுவிட்டது.

பூட்-அப் வராமல் `705 05` மட்டும் கொஞ்ச நேரம் விட்டுப்போய்த் தொடர்ந்தால், அப்போது கேபிள், டெர்மினேஷன், பஸ் லோடைப் பாருங்கள். டிரைவ் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அனுப்பினால், மாஸ்டர் ஹார்ட்பீட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தை வைக்கும் `1016h`-இல் 300 மில்லிசெகண்ட் வரை பொறுக்கலாம்.