எங்கே எத்தனை பேர் விலகினார்கள்: ஒரே ஸ்லைடில் சான்கி படம்

கேள்வி: எங்கள் ஐடி கம்பெனியில் ஜனவரி முதல் மார்ச் வரை 600 பேர் விண்ணப்பித்தார்கள், 200 பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டோம், 140 பேர் வந்தார்கள், 50 பேருக்கு ஆஃபர் கொடுத்தோம், 34 பேர் சேர்ந்தார்கள், 20 பேர் சேரவில்லை. ஜாப் போர்டல், ஊழியர் பரிந்துரை, கல்லூரி என மூன்று வழியாக ஆட்கள் வருகிறார்கள். எந்த வழிக்கு அதிகம் செலவழிக்கலாம் என்று எம்.டி. கேட்கிறார். எண்ணிக்கைக்குத் தகுந்த அகலத்தில் பட்டைகள் ஓடும் சான்கி படமாக ஒரே ஸ்லைடில் காட்டச் சொல்கிறார். பவர்பாயிண்டில் அந்த சார்ட்டே இல்லை. எப்படிச் செய்வது? ஷீட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: படம் வரைவதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள். ஆஃபர் 50, ஆனால் சேர்ந்தவர் 34, சேராதவர் 20, கூட்டினால் 54. எங்கிருந்து வந்தார்கள் அந்த 4 பேர்? உங்கள் ஷீட்டில் ஆஃபர் தேதியைப் பார்த்தேன், நாலு பேருக்கும் டிசம்பரில் கொடுத்திருக்கிறீர்கள், நோட்டீஸ் பீரியட் முடித்துவிட்டு மார்ச்சில் சேர்ந்திருக்கிறார்கள். மாத ரிப்போர்ட்டில் இருந்து எண்களை எடுத்தால் இப்படித்தான் வரும், ஏனென்றால் அது அந்த மாதம் நடந்தவற்றை எண்ணுகிறது, ஒரே ஆட்களைத் தொடர்ந்து போவதில்லை. சான்கிக்கு ஒரே கூட்டம் வேண்டும். ஒரு கட்டத்துக்குள் எத்தனை பேர் போனார்களோ அத்தனை பேரும் வெளியே வந்தாக வேண்டும். 1898-ல் கேப்டன் சான்கி நீராவி எஞ்சினில் வெப்பம் எங்கெங்கே வீணாகிறது என்று பட்டையின் அகலத்தை வைத்துக் காட்டியபோதும் அடிப்படை இதுதான். அதனால் அந்த 4 பேரை எடுத்துவிடுங்கள், சேர்ந்தவர் 30. அந்த 20 பேரில் யாராவது இன்னும் நோட்டீஸ் பீரியடில் இருந்தால் அவர்களைச் சேராதவர்களோடு போடாமல் "காத்திருப்பு" என்று தனிப் பெட்டியில் போடுங்கள்.

அடுத்தது அளவு. 16:9 ஸ்லைடின் உயரம் 19 சென்டிமீட்டர் சொச்சம், தலைப்பும் இடைவெளிகளும் போனால் பட்டைகளுக்கு 12 சென்டிமீட்டர் கிடைக்கும். 600 பேரையும் அதில் அடைத்தால் ஒருவருக்கு 0.2 மில்லிமீட்டர்தான். போர்டல் வழியாகக் கடைசியில் சேர்ந்தவர்கள் 5 பேர், அவர்களுடைய பட்டை ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும், புரொஜெக்டரில் அது தெரியவே தெரியாது, ரெஸ்யூமே பார்த்துத் தள்ளிய 400 பேர்தான் ஸ்லைடு முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். எனவே படத்தை 200-ல் இருந்து தொடங்குங்கள். ஒருவருக்கு 0.6 மில்லிமீட்டர் கிடைக்கும், அந்த 5 பேரும் 3 மில்லிமீட்டராகக் கண்ணில் படுவார்கள். 400 பேரை மறைக்க வேண்டியதில்லை, இடது ஓரத்தில் ஒவ்வொரு வழியின் பெயருக்குக் கீழேயும் "420 விண்ணப்பத்தில் 90 அழைப்பு" என்பது போல எழுதிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், பெரும்பாலான சான்கி ஸ்லைடுகள் இங்கேதான் தோற்றுப்போகின்றன. மூன்று வழியாக வந்தவர்களும் "நேர்காணல்" என்ற பெட்டியில் சேர்ந்த அந்த நொடியே யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது அழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரே சாம்பல் பட்டை ஆஃபருக்குப் போகும், ஒரே பட்டை சேர்ந்தவர்களுக்குப் போகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் எம்.டி. கேட்டது எந்த வழி பலன் தருகிறது என்பது, அதற்கு அந்தப் படத்தில் பதிலே இல்லை. பார்ப்பவர்கள் தாங்களாகவே, இடது பக்கம் தடிமனாக இருக்கும் போர்டல்தான் அதிக ஆள் தருகிறது என்று முடிவு செய்துகொள்வார்கள். அது தவறு. நேர்காணலுக்கு வந்தவர்களில் போர்டல் 50, பரிந்துரை 36, கல்லூரி 54. ஆஃபர் வாங்கியவர்கள் 14, 20, 16. சேர்ந்தவர்கள் 5, 17, 8. வெறும் 60 விண்ணப்பம் கொடுத்த பரிந்துரையில் இருந்து 17 பேர், 420 விண்ணப்பம் கொடுத்த போர்டலில் இருந்து 5 பேர்! இதைக் காட்டத்தானே இந்த ஸ்லைடு?

அதனால் ஒரே பெட்டிகளுக்கு நடுவே ஒரு பட்டைக்குப் பதில் மூன்று பட்டை விடுங்கள், வழிக்கு ஒரு நிறம், கடைசி வரை அதே நிறம். விலகியவர்கள் எல்லாரும் வெளிர் சாம்பல். SankeyMATIC என்ற இலவச இணையதளத்தில் இதை வரிவரியாக எழுதலாம், பரிந்துரைக்கு மட்டும் காட்டுகிறேன்:

```
பரிந்துரை [36] நேர்காணல் #2f7d6d
பரிந்துரை [4] வரவில்லை #c8c8c8
நேர்காணல் [20] ஆஃபர் #2f7d6d
ஆஃபர் [17] சேர்ந்தவர் #2f7d6d
```

மற்ற இரண்டு வழிக்கும் எண்ணையும் நிறத்தையும் மாற்றி இதே மாதிரி எழுதுங்கள். நேர்காணலில் தேர்வாகாத 90 பேருக்கு மொத்தமாக ஒரு சாம்பல் வரி, சேராத 20 பேருக்கு மொத்தமாக ஒரு சாம்பல் வரி போதும். எல்லாக் கட்டத்திலும் நிறங்கள் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள், வராவிட்டால் பெட்டிகளை இழுத்துச் சரிசெய்யலாம். பட்டைகள் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கே போனால் கண் பின்தொடராது.

படத்தை SVG-யாக இறக்கிக்கொள்ளுங்கள். லேபிள்களை அங்கேயே அணைத்துவிட்டு இறக்குவது நல்லது, எழுத்தைப் பவர்பாயிண்டில் டெக்ஸ்ட் பாக்ஸாகப் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறும் தொல்லை இருக்காது, எண் மாறினால் திருத்தவும் சுலபம். ஸ்லைடில் Insert > Pictures வழியாக SVG-யைச் சேர்த்து, தேவையான அளவுக்குப் பெரிதாக்கி, அதற்கு அப்புறம்தான் Graphics Format-இல் Convert to Shape கொடுக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. அந்தத் தளம் வளைந்த பட்டைகளைத் தடித்த கோடுகளாக வரைகிறது, கோட்டை ஷேப்பாக மாற்றிய பிறகு நீங்கள் மூலையைப் பிடித்து இழுத்தால் பெட்டிகள் பெரிதாகும், கோட்டின் தடிமன் அப்படியே நிற்கும். பட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே வெள்ளை இடைவெளி தெரிந்தால் நடந்தது இதுதான், திரும்பப் பழைய SVG-யில் இருந்து தொடங்குங்கள். நிறம் மாற்றும்போதும் இதே காரணம்தான், Shape Fill-இல் தேடாதீர்கள், Shape Outline-இல் இருக்கும். இந்த மெனுவெல்லாம் மைக்ரோசாஃப்ட் 365-இலும் 2019-க்குப் பிந்தைய பதிப்புகளிலும் உண்டு.

தலைப்பில் "ஆள்சேர்ப்புப் படிநிலைகள்" என்று போடாமல் "சேர்ந்த 30 பேரில் 17 பேர் பரிந்துரை வழியாக வந்தவர்கள்" என்றே எழுதுங்கள். கீழே சிறிய எழுத்தில் காலமும், டிசம்பர் ஆஃபர் 4 பேரைச் சேர்க்கவில்லை என்பதும் இருக்கட்டும், இல்லாவிட்டால் 34 எங்கே என்று யாராவது கேட்டே தீருவார்கள். ஆனால் செலவு பற்றி இந்தப் படம் எதுவும் சொல்லாது, பட்டை ஆட்களை மட்டும்தான் அளக்கிறது. போர்டலுக்கும் பரிந்துரை போனஸுக்கும் எவ்வளவு போனது என்பதைத் தனி வரியாக வலது ஓரத்தில் வையுங்கள், அதே படத்தில் ரூபாய்ப் பட்டையைக் கலக்காதீர்கள்.

ஆபீஸில் அந்தத் தளம் தடுக்கப்பட்டிருந்தால் பவர்பாயிண்டின் Curved Connector கோடுகளே போதும். நம் அளவில் ஒருவருக்கு 0.6 மில்லிமீட்டர் என்றால் 1.7 பாயிண்ட். 17 பேருக்குக் கோட்டின் Width-ஐ 29 என்றும், 36 பேருக்கு 61 என்றும் கொடுங்கள். பெட்டிகளை நன்றாகத் தள்ளி வையுங்கள், நெருக்கமாக இருந்தால் தடித்த கோடு வளைவில் உப்பிக்கொள்ளும்.