அப்பா உடம்பில் அயோடின் விதை: கர்ப்பிணி மகள் பக்கத்தில் போகலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு (68) புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று வாரம் முன்பு 80 அயோடின்-125 விதைகள் வைத்தார்கள். நான் ஐந்து மாத கர்ப்பிணி, மூன்று வயதில் பையனும் இருக்கிறான். "அயோடின் குடுத்தா தனி ரூம்ல வெக்கணும், தட்டு, பாத்ரூம்கூடத் தனி" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஒருவர் ஈய ஜாக்கெட் விற்கப் பார்க்கிறார். சீக்கிரம் தீர்ந்துபோகிற மருந்தை வைத்திருக்கக் கூடாதா? - வாசகி, கடலூர்

பதில்: அந்த அக்கா சொல்வது தைராய்டுக்காக வாய்வழியாகக் கொடுக்கும் அயோடின்-131 பற்றி. அது ரத்தத்தில் கலந்து சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறும். அப்பாவுக்கு வைத்தது டைட்டானியக் குழாய்க்குள் அடைத்து மூடியது. ஒரு விதை 4.5 மி.மீ. நீளம், அரிசியைவிடச் சன்னம். உள்ளே இருப்பது கசியாது. தட்டு, துணி, பாத்ரூம் எதுவும் தனியாக வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளில் இந்த இரண்டு வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு மூன்று வாரத் தூக்கம் கெட்டிருக்காது. எத்தனை முறை சொல்லியும் ஆங்கிலத்தில் ஒற்றை வரிதான் அச்சாகிறது.

வெளியே வருவது கதிர் மட்டும்தான். அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பாருங்கள். ஒரு விதையிலிருந்து 1 செ.மீ. தள்ளி 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 2 செ.மீ. போனால் தூரத்தாலேயே அது நாலில் ஒன்றாகி 25 ஆகும். நடுவில் உள்ள சதை உறிஞ்சுவதால் 20தான் மிஞ்சும். 5 செ.மீ. தள்ளி ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு. தோலைத் தாண்டி ஒரு மீட்டர் வந்தால், தூரத்தை மட்டும் கணக்கெடுத்தாலே பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

அதனால் ஒரே வீட்டில் இருங்கள், சாப்பாடு பரிமாறுங்கள். விதை வைத்த நாளிலிருந்து இரண்டு மாதம் வரை மட்டும், நெடுநேரம் ஒட்டி உட்காராமல் மூன்றடி தள்ளி உட்காருங்கள். பையனை அதுவரை தாத்தா மடியில் உட்கார வைக்க வேண்டாம். ஓடி வந்து ஒரு தரம் கட்டிக்கொண்டால் பதற வேண்டாம்.

சீக்கிரம் தீர்கிறதும் உண்டு: பல்லேடியம்-103. 17 நாளில் பாதியாகும். அயோடின்-125 பாதியாக 59 நாள் ஆகும். ஆனால் ஆபரேஷன் தேதி ஒரு வாரம் தள்ளிப்போனால் பல்லேடியத்தில் கால் பங்கு பெட்டியிலேயே போய்விடும், அயோடினில் எட்டு சதவீதம்தான். இன்னொன்று, பல்லேடியத்தின் கதிருக்கு சராசரி 21 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அயோடினுக்கு 28. பலம் குறைந்த கதிர் இன்னும் கிட்டத்திலேயே அடங்கிவிடும். ஒரு விதை கொஞ்சம் நகர்ந்தாலும் நடுவே கதிர் போதாத இடம் விழலாம். பலம் மிகுந்தால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். இரிடியம்-192க்கு 380. அது உடம்பைத் தாண்டி உங்கள் வயிறு வரை வரும். அதனால்தான் அதை நிரந்தரமாக உள்ளே விடாமல், மெஷின் மூலம் சில நிமிடம் வைத்துத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள்.

ஜாக்கெட் விற்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறார்கள், நோயாளியின் போன் நம்பர் யார் மூலமோ இவர்கள் கைக்குப் போகிறது. அயோடின்-125 கதிரைப் பாதியாக்க 0.025 மி.மீ. ஈயம் போதும், அதைவிட மூன்றடி தூரம் போதும். ஈயத்தைச் சுமந்து வயதானவர் தடுக்கி விழுந்தால் அதுதான் ஆபத்து. "கதிரை முறிக்கும் கஷாயம்" என்று அடுத்து ஒருவர் வருவார். மூடிய குழாய்க்குள் எந்தக் கஷாயமும் போகாது.

எப்போதாவது சிறுநீரில் ஒரு விதை வந்துவிட்டால் கையால் தொடாமல் ஸ்பூனால் எடுத்து, சின்ன பாட்டிலில் மூடி ஆஸ்பத்திரியில் கொடுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சங்கடமான விஷயம், ஆனால் யாரும் சொல்வதில்லை. விதை வைத்த ஒரு வருடத்துக்குள் வேறு ஏதாவது காரணத்தால் அப்பா தவறிவிட்டால், தகனத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். நம் வழக்கப்படி மறுநாள் மகனோ பேரனோ சாம்பலில் கைவிட்டு எலும்பு பொறுக்குவார்கள், பிறகு ஆற்றிலோ கடலிலோ கரைப்போம். விதைகள் அந்தச் சாம்பலில்தான் கிடக்கும், சூட்டில் குழாய் உடைந்தும் இருக்கலாம். சொன்னால், விதை உள்ள பாகத்தை முன்பே எடுத்துவிடலாமா, புதைப்பது சரியா என்று அவர்கள் வழி சொல்வார்கள். ஒரு வருடம் தாண்டினால் ஆறு தடவை பாதியாகி அறுபத்துநாலில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். வழக்கம்போல் தகனம் செய்யலாம். புதைப்பதாக இருந்தால் எப்போதும் தடையில்லை. அந்த ஒரு வருடத்துக்குள் புராஸ்டேட்டில் வேறு அறுவை சிகிச்சை வந்தாலும் அந்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

எந்த ஐசோடோப், எத்தனை விதை, எந்தத் தேதி, யாரை அழைக்க வேண்டும் என்று நாலு வரியில் ஒரு அட்டை கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் ரேடியேஷன் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படி ஒருவர் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். அட்டை அப்பாவின் பர்ஸில் ஒன்று, உங்களிடம் ஒரு நகல்.