எனர்ஜி ஆடிட்டரா, லீட்டா: முதலில் எதை எழுதுவது?

கேள்வி: மெக்கானிக்கல் பி.இ. முடித்துவிட்டு சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐடி பார்க்கின் ஃபெசிலிட்டி டீமில் இரண்டரை வருடமாக இருக்கிறேன். சில்லர், ஏ.ஹெச்.யு., ஜெனரேட்டர் எல்லாம் என் பொறுப்பு. சஸ்டெய்னபிலிட்டி பக்கம் மாற ஆசை. சிலர் லீட் எழுது என்கிறார்கள், சிலர் எனர்ஜி ஆடிட்டர் பரீட்சை எழுது என்கிறார்கள். இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. எதை எழுதட்டும்?

பதில்: எனர்ஜி ஆடிட்டர் எழுதுங்கள். ஆனால் இன்னும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். மத்திய அரசின் ஆற்றல் திறன் அமைப்பான பிஇஇ நடத்தும் இந்தத் தேர்வுக்கு, பி.இ. படித்தவருக்கு 3 ஆண்டு அனுபவம் தேவை. எம்.இ. என்றால் 2 ஆண்டு, டிப்ளமோ என்றால் 6 ஆண்டு. அதுவும் ஆற்றல் பயன்பாடு சார்ந்த இயக்கம், பராமரிப்பு, திட்டமிடல் ஆகியவற்றில் கிடைத்த அனுபவமாக இருக்க வேண்டும். சில்லரும் ஜெனரேட்டரும் பார்ப்பவருக்கு அதில் சிக்கல் இல்லை.

பசுமைக் கட்டடங்களுக்குப் புள்ளி போட்டுச் சான்று தரும் முறைதான் லீட். அதன் முதல் படியான கிரீன் அசோசியேட்டுக்கு அனுபவமே கேட்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள். 200 வரை போகும் மதிப்பெண்ணில் 170 வாங்கினால் தேர்ச்சி. கட்டடத்துக்கு எந்த அம்சத்துக்கு எத்தனை புள்ளி, எந்த ஆவணம் காட்ட வேண்டும் என்பதுதான் அங்கே சோதிக்கப்படுவது. அங்கீகாரம் பெற்ற நிபுணர் என்ற அடுத்த படியான லீட் ஏ.பி., ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலான ஐஜிபிசியின் ஏ.பி. தேர்வு, இந்தியாவின் இன்னொரு பசுமைக் கட்டட முறையான கிரிஹாவின் சான்று எல்லாம் ஏறத்தாழ இதே குணம் கொண்டவை. கன்சல்டன்சிகள் இவர்களைத் தேடி எடுப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. லீட் நான்காம் பதிப்பில், திட்டக் குழுவில் ஒரு ஏ.பி. இருந்தாலே கட்டடத்துக்கு ஒரு புள்ளி கிடைக்கும். புதுக் கட்டடங்களின் வடிவமைப்பில் ஆர்க்கிடெக்ட்டோடு உட்கார்ந்து வேலை செய்ய ஆசைப்படுபவருக்கு அது சரியான வழி. ஓடிக்கொண்டிருக்கும் பிளான்ட்டை இரண்டரை வருடமாகக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அளவீடுதான் பலம். ஆடிட்டரிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று, ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் உங்கள் சில்லரையே வைத்துப் பார்ப்போம். சில்டு வாட்டர் மணிக்கு 100 கன மீட்டர் ஓடுகிறது. உள்ளே வரும் தண்ணீர் 12 டிகிரி, வெளியே போவது 8.5 டிகிரி. கம்ப்ரஸர் இழுப்பது 106 கிலோவாட். ஒரு டன் குளிர்ச்சி என்பது மணிக்கு 3024 கிலோகலோரி. ஆக 1,00,000 கிலோ தண்ணீரை 3.5 டிகிரியால் பெருக்கி 3024-ஆல் வகுத்தால் சுமார் 116 டன் வருகிறது. 106-ஐ 116-ஆல் வகுத்தால் டன்னுக்கு 0.92 கிலோவாட். கமிஷனிங் சமயத்தில் இதே லோடில் 0.65 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவசரக்காரர் இந்த இடத்திலேயே ‘சில்லரை மாற்றுங்கள்’ என்று ரிப்போர்ட் எழுதிவிடுவார்.

நல்ல ஆடிட்டர் கண்டென்ஸர் பக்கமும் அளப்பார். கட்டடத்திலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரஸர் இழுத்த மின்சாரமும் சேர்ந்துதான் கூலிங் டவருக்குப் போக வேண்டும், வேறு வழியில்லை. ஒரு டன் என்பது 3.517 கிலோவாட், ஆக 106 கிலோவாட்டை 3.517-ஆல் வகுத்தால் 30 டன். 116-உம் 30-உம் 146. ஆனால் கண்டென்ஸர் பக்கத்தில் மணிக்கு 130 கன மீட்டர் ஓட்டமும் 3.8 டிகிரி வித்தியாசமும் இருக்கின்றன. அது 163 டன். இரண்டு பக்கத்துக்கும் பத்து சதவீதம் இடிக்கிறது. ஐந்து சதவீதத்துக்கு மேல் இடித்தாலே அளவீட்டில் எங்கோ கோளாறு என்று எடுத்துக்கொள்வது நல்லது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது தெர்மாமீட்டரை. சில்டு வாட்டருக்கு வைத்த இரண்டு சென்சாரையும் கழற்றி ஒரே வாளித் தண்ணீரில் போடுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். வெளியே போகும் பக்கத்து சென்சார் அரை டிகிரி அதிகமாகக் காட்டுகிறது என்றால் திருடன் அகப்பட்டுவிட்டான். திருத்தினால் வித்தியாசம் 4 டிகிரி, குளிர்ச்சி 132 டன். கம்ப்ரஸரின் 30-ஐச் சேர்த்தால் 162. கண்டென்ஸர் கணக்கோடு பொருந்திவிட்டது. டன்னுக்கு 0.92 என்று வந்தது இப்போது 0.80. அரை டிகிரிப் பிழை ஒரு கோடிக்கணக்கு முடிவையே மாற்றிவிடும்! (சென்சார் சரியாக இருந்தும் கணக்கு இடித்தால் அல்ட்ராசானிக் ஃப்ளோ மீட்டரைப் பாருங்கள். குழாயின் சுவர்த் தடிமனைத் தவறாகக் கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் பெண்டுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பார்கள்.)

பழைய 0.65-க்கும் இந்த 0.80-க்கும் இடையே மிச்சம் இருக்கும் 0.15 ஏன்? கண்டென்ஸரில் ரெஃப்ரிஜரன்ட் குளிர்ந்து திரவமாகும் வெப்பநிலைக்கும் வெளியே போகும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒன்றிரண்டு டிகிரி இருக்க வேண்டியது ஐந்து டிகிரி இருந்தால், பெரும்பாலும் டியூபில் உப்புப் படிந்திருக்கிறது. சுத்தம் செய்து பழைய நிலைக்கு வந்தால் சுமார் 20 கிலோவாட் மிச்சம். தினம் 10 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் 5,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 40,000 ரூபாய். இந்தக் கணக்கை நேர்காணலில் சொல்லத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் சும்மா அனுப்பாது.

இனி பரீட்சைக்கு வருவோம். மொத்தம் நான்கு தாள்கள். முதல் மூன்றில் மட்டும் தேறினால் எனர்ஜி மேனேஜர், நான்காவதையும் எழுதித் தேறினால் ஆடிட்டர். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் வேண்டும். நான்காம் தாளில் புத்தகம் பார்த்து எழுதலாம், ஆனாலும் கணக்கு போட்டுப் பழகாதவர் அங்கேதான் நேரம் போதாமல் தவிப்பார். குளிர்சாதனம், பம்ப், மோட்டார் எல்லாம் மூன்றாம் தாளில் வருவதால் உங்களுக்கு அது சொந்த ஊர். இரண்டாம் தாள்தான் கட்டடத்துக்காரர்களின் தொல்லை. பாய்லர், ஃபர்னஸ், ஸ்டீம் என்று நீங்கள் தொட்டே பார்க்காதவை அதில் வரும். இந்த ஆறு மாதத்தில் பாதியை அதற்கே ஒதுக்குங்கள். பாய்லர் எஃபிஷியன்சியை இழப்புகளின் வழியாகக் கணக்கிடும் முறையைப் புத்தகம் பார்க்காமல் போட வர வேண்டும். முடிந்தால் பாய்லர் இருக்கும் ஒரு சாயப்பட்டறைக்கோ பால் பண்ணைக்கோ போய் ஒரு நாள் நின்று பாருங்கள். பாடத்துக்கு பிஇஇயின் நான்கு வழிகாட்டிப் புத்தகங்களும் பழைய வினாத்தாள்களும் போதும்.

ஒரு எல்லையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தேறியதும் நீங்கள் சான்று பெற்ற ஆடிட்டர், அவ்வளவுதான். சட்டப்படி கட்டாயத் தணிக்கைக்கு உட்பட்ட பெரிய ஆலைகளுக்கு நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு பிஇஇயின் அங்கீகாரம் பெற்ற ஆடிட்டர் வேண்டும், அந்த அங்கீகாரத்துக்கு ஐந்து ஆண்டு தணிக்கை அனுபவம் வேண்டும். ஆகவே முதல் வேலையை அங்கீகாரம் பெற்ற ஆடிட்டர் இருக்கும் நிறுவனத்திலேயே தேடுங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. லீட்டை அங்கே சேர்ந்த பிறகு எழுதலாம். பல இடங்களில் கட்டணத்தை நிறுவனமே கொடுத்துவிடும். 2025-ல் ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டதால், படிக்கத் தொடங்கும் முன் தேர்வு எந்தப் பதிப்பில் நடக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்த வாரமே ஹெச்.ஆரிடம் ஒரு அனுபவக் கடிதத்துக்குச் சொல்லி வையுங்கள். ‘ஃபெசிலிட்டி எக்ஸிக்யூட்டிவ்’ என்று ஒற்றை வரியில் தந்தால் வாங்காதீர்கள். எத்தனை டன் சில்லர், எவ்வளவு கே.வி.ஏ. ஜெனரேட்டர், இயக்கமா பராமரிப்பா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.